சுத்தியல் இறங்குவதற்கு முன்: 375 ஃப்ரேமில் ஒரு டீசர்

டீசரை ஐந்து விதமாக வெட்டிப் பார்த்தோம், ஐந்தாவது வெட்டுதான் நின்றது. முதல் நான்கும் ஏன் விழுந்தன என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். செய்முறையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

படம் 52 நிமிட ஆவணப்படம். சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறை, ஒரே ஒரு சிலை, மெழுகில் தொடங்கி வார்ப்பு வரை. டீசர் பதினைந்து விநாடி. விநாடிக்கு 25 ஃப்ரேம் என்று எடுத்த படம் என்பதால் மொத்தம் 375 ஃப்ரேம். இந்த வேலையை விநாடியில் யோசித்தால் கணக்கு பிடிபடாது, ஃப்ரேமில்தான் யோசிக்க வேண்டும். தலைப்புக்குச் சுமார் 65 போனால் மிச்சம் 310. ஒரு ஷாட்டில் என்ன நடக்கிறது என்று கண் பிடித்துக்கொள்ளக் குறைந்தது 20 ஃப்ரேமாவது வேண்டும். புதிதாகப் பார்க்கும் பொருளென்றால் 40. ஆக ஏழெட்டு ஷாட்டுக்கு மேல் இடமில்லை.

படத்தின் வேலை முறையைக் கொஞ்சம் சொல்லாமல் எதைக் காட்டினோம், எதை ஒளித்தோம் என்பது புரியாது. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் சிலையை முழுதாகச் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசுகிறார்கள். மெழுகில் இருக்கும் ஒவ்வொரு கோடும் இந்த முதல் பூச்சில்தான் பதியும். காய்ந்ததும் அடுத்தடுத்து மணல் கலந்த கனமான பூச்சு, இரும்புக் கம்பிக்கட்டு. பிறகு வரட்டித் தீயில் சுட்டால் மெழுகு உருகித் துளை வழியே வெளியே ஓடிவிடும். உள்ளே சிலையின் வடிவத்தில் வெற்றிடம். அச்சைக் குழியில் புதைத்து, மூசையில் உருக்கிய உலோகத்தை அந்த வெற்றிடத்துக்குள் ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துப் பார்க்க வேண்டும். அச்சு ஒருமுறைக்குத்தான். மெழுகும் போய்விட்டது. வார்ப்பு தவறினால் திரும்பவும் மெழுகிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் படத்தில் வார்ப்பு தவறியது. உடைத்துப் பார்த்தால் வலது கையில் விரல்கள் வரவில்லை. 31-வது நிமிடத்தில் ஊற்றுகிறார்கள், 36-வது நிமிடத்தில் உடைக்கிறார்கள், அதற்குப் பிறகு இரண்டாவது சிலை. படத்தின் முதுகெலும்பே இதுதான். அதனால் டீசரில் ஒளிக்க வேண்டியது என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எவ்வளவு தூரம் முன்னாலேயே ஒளிக்கத் தொடங்க வேண்டும் என்பதில்தான் நான்கு வெட்டுகள் போயின.

சீட்டுகள்

எடிட்டிங் டைம்லைனைத் திறப்பதற்கு முன் காகிதம். படத்தில் நினைவில் நிற்கும் தருணங்களைச் சீட்டுக்கு ஒன்றாக எழுதினோம், 34 வந்தன. ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரே ஒரு கேள்விக்கு விடை: இதைப் பார்த்தவருக்கு என்ன தெரிந்துவிடும்?

‘அழகாக இருக்கிறது’, ‘ஒளி நன்றாக விழுந்திருக்கிறது’ என்றெல்லாம் எழுதக்கூடாது. தெரிந்துவிடுவதை மட்டும் எழுத வேண்டும். ‘மெழுகு முகத்தின் மேல் கை சேறு பூசுகிறது’ என்ற சீட்டின் பின்னால், ‘ஒரு முகம் இருந்தது, அது மறைகிறது’. ‘அரத்தால் தோளைத் தேய்க்கிறார்’ என்பதன் பின்னால், ‘சிலை வெளியே வந்துவிட்டது’. தேய்க்கும் ஷாட்டில் தோள் மட்டும்தான் தெரியும், உலோகத்தூள் வெயிலில் மின்னும், படத்திலேயே அழகான ஷாட்டுகளில் ஒன்று. ஆனால் பின்பக்கத்தைப் படித்தால் அதை டீசரில் வைக்கவே முடியாது என்று உடனே தெரிகிறது. அது இரண்டாவது சிலையின் தோள்தான்; ஆனால் பார்ப்பவருக்கு அது தெரியாது. ‘உடைத்தார்கள், வந்துவிட்டது’ என்றுதான் எடுத்துக்கொள்வார்.

பின்பக்கத்தை வைத்து மூன்று கட்டு. இடத்தைச் சொல்பவை, கேள்வியைக் கிளப்புபவை, விடை சொல்பவை. மூன்றாவது கட்டை ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் வைத்தோம். அதில் 15 சீட்டு இருந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பதினைந்தில்தான் படத்தின் சிறந்த ஷாட்டுகளில் முக்கால்வாசி இருந்தன. எடிட்டருக்குக் கை அரிக்கும் இடம் இதுதான்.

கதைக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காக ஒதுக்கி வைத்தவை இரண்டு. ஒன்று, கண் திறக்கும் காட்சி. ஸ்தபதி அதைப் படத்துக்குள் வைக்க ஒப்புக்கொண்டார். விளம்பரத்தில் வேண்டாம் என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இன்னொன்று, உலைக்கு அருகே வெறுங்காலோடு நிற்கும் உதவியாளரின் பாதம். படத்தில் அதற்கு முன்னும் பின்னும் அவர் பேசுகிறார், அவர் யாரென்று நமக்குத் தெரியும். பதினைந்து விநாடியில் அவர் வெறும் பாதம் ஆகிவிடுவார். டீசரைப் பற்றிய பேச்சும் முழுக்க அந்தப் பாதத்தைப் பற்றியதாக ஆகிவிடும்.

முதல் மூன்று வெட்டுகள்

சீட்டெல்லாம் பிரித்து வைத்த பிறகும் முதல் வெட்டு, சீட்டே இல்லாதது போலத்தான் வந்தது. பத்தொன்பது ஷாட், தலைப்புக்கு 60 ஃப்ரேம், மற்றவை சராசரியாகப் பதினாறு பதினேழு ஃப்ரேம். காசு கொடுத்து உரிமம் வாங்கிய தாள இசை ஒன்று அடியில் ஓடியது, அடிக்கு ஒரு வெட்டு. ரப்பர் பேண்டு போட்ட கட்டிலிருந்து இரண்டு ஷாட் எப்படியோ உள்ளே வந்திருந்தன. கடைசி ஷாட் பளபளக்கும் சிலை.

சோதிக்க ஒரு முறை வைத்துக்கொண்டோம், அது கடைசிவரை மாறவில்லை. படத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஆறு பேர். அவரவர் கைபேசியில், முதலில் ஒலியில்லாமல் ஒருமுறை, பிறகு ஒலியோடு ஒருமுறை. கேள்வி இரண்டே. ‘இது எதைப் பற்றிய படம்?’ ‘அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?’ ‘நல்லா இருக்கா?’ என்று கேட்கக்கூடாது. கேட்டால் நல்லா இருக்கு என்பார்கள், அதை வைத்து ஒரு ஃப்ரேமைக்கூட மாற்ற முடியாது. ஒருமுறை பார்த்தவரிடம் அடுத்த வெட்டைக் காட்டியும் பயனில்லை, அவர் மனதில் பழைய வெட்டு இருக்கும். அதனால் ஒவ்வொரு வெட்டுக்கும் புது ஆட்கள்.

முதல் வெட்டுக்கு ஆறு பேரும் ‘சிலை செய்யறதப் பத்தி’ என்று சரியாகச் சொன்னார்கள். இரண்டாவது கேள்விக்கு ஐந்து பேரின் பதில் ஒன்றுதான்: ‘அதான் செஞ்சு முடிச்சுட்டாங்களே.’ கதை முடிந்துவிட்டது. 52 நிமிடத்தைப் பதினைந்து விநாடியில் சுருக்கிக் கொடுத்துவிட்டோம், இனி எதற்குப் படம் பார்க்க வேண்டும்?

இரண்டாவது வெட்டில் குரல் சேர்த்தோம். இது சீக்கிரமே விழுந்தது. தமிழில் நிதானமாகப் பேசினால் பதினைந்து விநாடிக்குள் இருபத்தைந்து சொல்லுக்கு மேல் போகாது, அதற்குள் ஊர், கலை, காலம் என்று எல்லாம் சொல்லப் பார்த்ததில் செய்தி வாசிப்பு மாதிரி ஆயிற்று. ஒலியில்லாமல் பார்த்தவர்களுக்கு அதுவும் இல்லை.

மூன்றாவது வெட்டு எதிர்ப்பக்கம் போய் விழுந்தது. எல்லாவற்றையும் ஒளித்துவிட்டோம். புகை, சேறு, தீ, கம்பியை முறுக்கும் குறடு, இருட்டில் ஒரு முகம். பார்க்க மிரட்டலாக இருந்தது. ‘எதைப் பற்றிய படம்?’ என்று கேட்டபோது ஆறு பேரில் ஒருவர் பானை என்றார், ஒருவர் செங்கல் சூளை என்றார், ஒருவர் குழிக்குள் ஏதோ சமைக்கிறார்கள் என்றார். புதைத்த அச்சும் மேலே எரியும் வரட்டியும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. என்ன நடக்கிறது என்றே தெரியாதவருக்கு ‘அடுத்து என்ன?’ என்ற கேள்வி வராது. எதை ஒளிக்கிறோம் என்பதற்கு முன், ஒளிக்கப்படும் பொருள் உள்ளே இருக்கிறது என்பதையாவது அவருக்குக் காட்டியாக வேண்டும்.

இங்கேதான் முகத்தின் மேல் சேறு பூசும் ஷாட் முதலிடத்துக்கு வந்தது. மெழுகு முகம் முதல் 20 ஃப்ரேமுக்குத் தெளிவாகத் தெரிகிறது. உள்ளங்கை வருகிறது, கண்ணும் மூக்கும் சேற்றுக்குள் போகின்றன. சிலை என்று தெரிந்துவிட்டது, அது மண்ணுக்குள் போய்விட்டது என்றும் தெரிந்துவிட்டது. ஒரு சொல் தேவைப்படவில்லை. கைபேசியில் ஒலியில்லாமல் தானாக ஓடத் தொடங்கும்போது முதல் ஃப்ரேமிலேயே ஒரு முகம் இருப்பது கூடுதல் வசதி. கருப்பிலிருந்து மெல்ல வெளிச்சம் வரும் தொடக்கம் திரையரங்கில் அழகு, கைபேசியில் அந்த ஒரு விநாடிக்குள் விரல் அடுத்ததற்குத் தள்ளிவிடும்.

நான்காவது வெட்டும் கும்பகோணத்துக்காரர் ஒருவரும்

நான்காவது ஏறக்குறைய இப்போதிருக்கும் வடிவம்தான். சேறு, கம்பி, உருகி ஓடும் மெழுகு, மூசை, ஊற்றுதல், காத்திருக்கும் முகம், ஓங்கிய சுத்தியல், கருப்பு, தலைப்பு. ஊற்றும் ஷாட்டைச் சேர்ப்பதா என்று நீண்ட விவாதம் நடந்தது. அதுதான் படத்தின் மிகப்பெரிய காட்சி, அதை இலவசமாகக் கொடுக்கலாமா? சீட்டைத் திருப்பிப் பார்த்ததில் பின்னால் இருந்தது, ‘உலோகம் உள்ளே போகிறது’ என்பது மட்டும். வெற்றியா தோல்வியா என்று அது சொல்லவில்லை. பிரம்மாண்டமாக இருப்பதற்கும் விடை சொல்வதற்கும் தொடர்பில்லை. பிரம்மாண்டத்தைக் கொடுத்தால் படத்துக்கு நட்டமில்லை, விடையைக் கொடுத்தால்தான் நட்டம். சேர்த்தோம், 96 ஃப்ரேமுக்கு.

ஆறு பேரில் ஐந்து பேரிடம் சரியாக வேலை செய்தது. ஆறாவது ஆள் கும்பகோணத்துக்காரர், பாத்திர வார்ப்புத் தொழில் தெரிந்தவர். அவர் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னது: ‘இது நிரம்பலையே. மேல வரலையே.’

அச்சில் ஊற்றும் வாயைத் தவிரக் காற்று வெளியேறுவதற்கும் துளை விடுவார்கள். உள்ளே நிரம்பினால் அந்தத் துளையில் உலோகம் ஏறி வந்து எட்டிப்பார்க்கும். அதை வைத்துத்தான் ஊற்றுபவர் நிறுத்துகிறார். எங்கள் ஷாட்டில் 70-வது ஃப்ரேமுக்குப் பிறகு கேமரா லேசாக வலப்பக்கம் நகர்ந்து அந்தத் துளையைப் பிடித்திருந்தது. துளை இருட்டாகவே இருக்கிறது. படம்பிடித்தபோது அங்கே பார்க்க வேண்டும் என்று கேமராவுக்குத் தோன்றியதே அதனால்தான். பட்டறையில் எல்லாருடைய கண்ணும் அந்தத் துளையில் இருந்தது. அச்சு போதிய சூட்டில் இல்லாததாலோ காற்று அடைத்துக்கொண்டதாலோ உலோகம் பாதியில் நின்றுவிட்டது என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது தெரியாது என்று விட்டுவிடலாம். விடவில்லை. இந்தப் படத்தை முதலில் பார்க்கப்போவதும் அடுத்தவரிடம் சொல்லப்போவதும் அந்தத் தொழில் தெரிந்தவர்கள்தான். 26 ஃப்ரேமை வெட்டினோம், துளை சட்டத்துக்குள் வருவதற்கு முன்பே ஷாட் முடிகிறது.

அவர் சொன்னதற்குப் பிறகு மற்ற ஷாட்டுகளையும் அதே கண்ணோடு பார்த்தோம். இன்னும் இரண்டு கசிவு கிடைத்தன.

ஒன்று, குரல். ஊற்றி முடித்த பிறகு ஸ்தபதி சொல்வது: ‘உடைச்சாத்தான் தெரியும்.’ டீசருக்கென்றே சொன்னது போன்ற வரி, காத்திருக்கும் முகத்தின் மேல் வைத்திருந்தோம். ஆனால் படத்தில் அவர் அந்த இடத்தில் நிறுத்தவில்லை. கை வந்திருக்குமா என்ற சந்தேகத்தை அடுத்த மூச்சிலேயே சொல்கிறார். அதை வெட்டியிருந்தோம். வெட்டினாலும் ‘தெரியும்’ என்ற சொல்லின் கடைசியில் குரல் தாழ்கிறது. கேட்டுப் பழகிய காதுக்கு அது தோற்றவரின் குரல். மூன்று நாள் முன்பு மண் பூசும்போது உதவியாளருக்குச் சொல்லிக் கொடுக்கையில் இதே வரியை அவர் சாதாரணமாகச் சொல்லியிருந்தார். அதை எடுத்துக்கொண்டோம். சொல் அவருடையது, சொன்ன பொருளும் அதுவே. வேறு வேறு வாக்கியத்திலிருந்து சொற்களைப் பொறுக்கி அவர் சொல்லாததைச் சொல்ல வைப்பது மட்டும் கிடையாது, டீசரானாலும்.

இன்னொன்று, சுத்தியல் ஒலி. ஓங்கிய கையோடு படம் கருப்பாகிறது, தலைப்பு வந்து 12 ஃப்ரேம் கழித்து அடி விழுகிறது. படத்தின் ஒலித்தடத்திலிருந்து எடுத்த அடி, மண் தெறித்து உள்ளே உலோகத்தில் பட்ட அடி. கடைசியில் ஒரு மெல்லிய கணீர். ‘உள்ளே முழுசா இருக்கு’ என்று அந்தக் கணீர் சொல்லிவிடுகிறது. படமோ முழுசா இல்லை என்று சொல்லப்போகிறது. ஒளித்ததோடு பொய்யும் சொன்னதாகிவிடும். அதற்குப் பதிலாக முதல் அடியை வைத்தோம். அது மண்ணில் மட்டும் விழுந்தது, ‘டொப்’ என்று, அவ்வளவுதான். பிம்பத்தை ஒளித்துவிட்டு ஒலியில் விட்டுவிடுவது எல்லா டீசரிலும் நடக்கக்கூடியது. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பார்க்காமல் வெளியே அனுப்பக்கூடாது.

ஐந்தாவது, ஃப்ரேம் கணக்கோடு

மெழுகு முகத்தில் சேறு, 62. கம்பியை முறுக்கும் குறடு, 30. அச்சின் துளையிலிருந்து மெழுகு ஒழுகித் தீப்பிடிப்பது, 45. மூசையைத் தூக்குவது, 25. ஊற்றுதல், 70. காத்திருக்கும் முகம், 55. சுத்தியல் ஓங்குவது, 20. தலைப்பு, 68. கூட்டினால் 375.

மெழுகு ஒழுகும் ஷாட்டுக்கு 45 கொடுத்தது சிலருக்கு அதிகமாகப் பட்டது. அதைக் குறைத்துப் பார்த்தோம், 30-இல் வைத்தபோது அது வெறும் தீயாகத்தான் தெரிந்தது. உள்ளே இருந்த முகம் உருகி வெளியே போகிறது, திரும்பி வராது என்பது பிடிபட ஒரு துளி முழுதாக விழ வேண்டும். அந்தத் துளி 38-வது ஃப்ரேமில் விழுகிறது. மற்ற இடங்களில் இரண்டு மூன்று ஃப்ரேம் இழுபறி செய்யலாம், இங்கே முடியாது.

காத்திருக்கும் முகம் 55 என்பதும் அப்படியே. அதற்கு முன் வரும் ஷாட்டுகள் வேகம், இது நிற்க வேண்டும். இங்கே தீ, இரைச்சல் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, மண் ஆறும்போது வரும் சிறு சிறு ‘டிக்’ ஒலி மட்டும். அந்த இரண்டு சொற்கள் அதன் மேல். முழு அமைதி வைத்துப் பார்த்தபோது சோதித்தவர்களில் ஒருவர் கைபேசியின் ஒலிப் பொத்தானை அழுத்தினார். பட்டறையின் வெறும் சூழல் ஒலியை மிகத் தாழ்வாக அடியில் ஓடவிட்ட பிறகு யாரும் அழுத்தவில்லை. சேறு பூசும் ஒலியை மட்டும் தனியாகப் பதிவு செய்தோம், ஈரக் களிமண்ணும் ஒரு பழைய பருத்தித் துணியும் போதுமாக இருந்தது.

ஒலியளவை −14 LUFS பக்கம் வைத்தோம், உச்சம் −1 dBTP-யைத் தாண்டாமல். அளந்தது இப்படி:

```
ffmpeg -nostats -i teaser_v5.mov -filter_complex ebur128=peak=true -f null -
```

கடைசியில் வரும் `I:` என்ற வரியும் `Peak:` என்ற வரியும்தான் பார்க்க வேண்டியவை. இந்த அளவுமுறை மிகத் தாழ்ந்த பகுதிகளைக் கணக்கில் சேர்க்காது. அதனால் நடுவில் இருக்கும் அமைதி எண்ணைக் குறைத்துக் காட்டும் என்று பயந்து மற்றதை ஏற்றிவைக்கத் தேவையில்லை.

தலைப்பெழுத்தில் ஒரு நாள் போயிற்று. எடிட்டிங் மென்பொருளில் தட்டச்சு செய்தால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நின்றது. எழுத்துக் கோப்பில் குறையில்லை, மென்பொருளின் எழுத்து இயந்திரம் தமிழைக் கோக்கவில்லை. சில மென்பொருள்களில் அமைப்புக்குள் போய் தெற்காசிய மொழிகளுக்கான இயந்திரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். நாங்கள் Inkscape-இல் எழுதி, பின்னணியில்லாத PNG ஆக எடுத்து ஒட்டினோம். ஒருமுறை படமாகிவிட்டால் வேறு எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து கலையாது.

செங்குத்து வடிவம்

கைபேசிக்கான 1080×1920 வடிவத்தை ‘வெட்டிக்கொள்ளலாம்’ என்று கடைசிக்கு விட்டது தவறு. 4K-வில் எடுத்த ஷாட்டின் முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு நடுவில் செங்குத்தாக வெட்டினால் 1215×2160 கிடைக்கும், அது தாராளம். ஆனால் மூசையைத் தூக்கும் ஷாட் மட்டும் இரண்டாவது கேமராவில், 1920×1080-இல் எடுத்தது. அதை அப்படி வெட்டினால் அகலம் 607 புள்ளிதான். பெரிதாக்கினால் குழைந்துபோனது. அந்த 25 ஃப்ரேமுக்கு வேறு கோணம் தேட வேண்டியிருந்தது.

பெரிய சிக்கல் சுத்தியலில். அகன்ற சட்டத்தில் ஸ்தபதி இடப்பக்கம், சுத்தியல் வலப்பக்க மேல் மூலையில். செங்குத்தில் ஒன்று ஆள் இருக்கிறார், அல்லது சுத்தியல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இல்லை. கடைசியில், சுத்தியலின் நிழல் அச்சின் மேல் விழும் ஒரு ஷாட்டைப் போட்டோம். அகன்ற வடிவத்தைவிட அது மேல் என்று இப்போது தோன்றுகிறது, அச்சும் அடியும் ஒரே இடத்தில் வந்துவிடுகின்றன. தலைப்பைத் திரையின் நடுவிலேயே வைக்க வேண்டும். அடிப்பகுதியையும் வலது ஓரத்தையும் செயலியின் பொத்தான்கள் மறைத்துக்கொள்ளும்.

வெளியே போன பிறகு கண்ட கசிவு

டீசரை ஏற்றினோம். அதன் கீழே போட்ட மூன்று வரிக் குறிப்பு, திரைப்பட விழாவுக்கு முன்பு எழுதி அனுப்பியது, அப்படியே ஒட்டப்பட்டிருந்தது. அதில் ‘முதல் வார்ப்பு தவறிப்போக, மீண்டும் மெழுகிலிருந்து தொடங்கும் ஒரு பட்டறை’ என்று இருந்தது. 26 ஃப்ரேமுக்கும் ஒரு கணீருக்கும் இத்தனை மெனக்கெட்டுவிட்டு, விடையை எழுத்தில் போட்டிருக்கிறோம். நாற்பது நிமிடத்துக்குள் மாற்றினோம். தேர்வுக் குழுவுக்கு எழுதும் கதைச்சுருக்கத்தில் விடை இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். அதற்கென்று தனிக் கோப்பு வேண்டும், பொதுவில் போடுவதற்கு வேறு கோப்பு.

முகப்புப் படமும் அதே மாதிரி. தளம் தானாகத் தேர்ந்தெடுக்கும் ஃப்ரேம் எதுவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏற்றுவதற்கு முன் விநாடிக்கு ஒரு ஃப்ரேம் வீதம் ஒரே தாளில் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது:

```
ffmpeg -i teaser_v5.mov -vf "fps=1,scale=320:-1,tile=5x3" -frames:v 1 sheet.png
```

பதினைந்து சிறு படங்கள் வரும். நிற்கும் படமாக எதைப் பார்த்தாலும் விடை தெரியக்கூடாது. எங்களுடையதில் தெரியவில்லை. ஆனால் தனியாக வெளியிட வைத்திருந்த ஆறு நிழற்படங்களில் ஒன்றில் விரலில்லாத கை பின்னணியில் மங்கலாக இருந்தது. அதையும் எடுத்தோம்.

செலவும் அடுத்த முறையும்

எடிட்டிங் ஐந்து நாள், அதில் இரண்டு நாள் முதல் வெட்டுக்கே போனது. ஒலிப்பதிவுக் கூடம் இரண்டு மணி நேரத்துக்கு ₹2,000. தலைப்பெழுத்து வரைந்தவருக்கு ₹3,500. முதல் வெட்டுக்கு வாங்கிய இசை உரிமம் ₹1,800, கடைசி வடிவத்தில் இசையே இல்லை, அது வீண். இசையை முதலில் வாங்கினால் வெட்டு இசைக்கு அடிமையாகிவிடுகிறது. ஷாட்டுகள் ஒலியில்லாமலே நிற்கிறதா என்று பார்த்த பிறகு வாங்கியிருக்க வேண்டும்.

சோதிக்கும் ஆட்களில் தொழில் தெரிந்த ஒருவரை நான்காவது சுற்றில் தற்செயலாகத்தான் பெற்றோம். அடுத்த முறை முதல் சுற்றிலேயே ஒருவர். நெசவைப் பற்றிய படமென்றால் நெசவாளர், மீன்பிடியென்றால் கடலுக்குப் போகிறவர்.

படப்பிடிப்பிலேயே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. விடை தெரியும் ஒவ்வொரு தருணத்துக்கும் முன்னால், அதே கோணத்தில், நகராத கேமராவில் நான்கு விநாடி தனியாக வேண்டும். சுத்தியல் ஓங்குவதை அப்படி எடுத்திருந்தால் செங்குத்து வடிவத்துக்கு நிழலைத் தேடி அலைந்திருக்க வேண்டாம். ஊற்றும்போது கேமரா துளையை நோக்கி நகர்ந்ததைத் தவறென்று சொல்ல மாட்டேன், படத்துக்கு அது வேண்டும். ஆனால் இரண்டாவது கேமரா மூசையின் வாயிலேயே நின்றிருக்கலாம்.

சரிசெய்யாமல் விட்டது ஒன்று. செங்குத்து வடிவம் முடிந்ததும் தானாகவே முதலிலிருந்து ஓடும். ‘டொப்’ என்ற அடியின் வால் தலைப்போடு அறுந்து, உடனே மெழுகு முகம் வந்து நிற்கிறது. இரண்டாவது சுற்றில் பார்ப்பவருக்கு, உடைத்ததும் முகம் வெளியே வந்துவிட்டது போலத் தோன்றுகிறது, பிறகு கை வந்து அதைச் சேற்றால் மூடுகிறது. இதைக் கசிவென்று எடுத்துக்கொள்வதா, தலைப்பின் கடைசி பத்து ஃப்ரேமைக் கருப்பாக்கித் தடுப்பதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். எடிட்டர் அப்படியே இருக்கட்டும் என்கிறார்.